நடுவில் நின்ற மங்கல் புள்ளிகள்

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து வெகுகாலம் வரை ரெசிப்ரோகல் ஸ்பேஸ் என்னும் தலைகீழ் வெளி எனக்கு வெறும் கணக்காகவே இருந்தது. சூத்திரத்தை எழுதத் தெரியும்; அந்த வெளி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் தெரியாது. டிஃப்ராக்டோமீட்டரில் இரவுநேரம் எனக்குக் கிடைத்த ஒரு நாளில்தான் அது பிடிபட்டது.

படிகம் 0.2 மி.மீ. அளவு. எண்ணெயில் தோய்த்து வளையத்தில் ஏற்றி, நைட்ரஜன் குளிர்காற்றில் 100 கெல்வினில் நிறுத்தியிருந்தேன். மாலிப்டினம் குழாய், அலைநீளம் 0.71 ஆங்ஸ்ட்ராம், டிடெக்டர் 60 மி.மீ. தொலைவில். முதல் சில படங்களை வைத்து மென்பொருள் அலகுக்கூட்டைக் கணித்தது. c அச்சு 7.2 ஆங்ஸ்ட்ராம் என்றது. விடியும்வரை ஓடும் முழு அளவீட்டைத் தொடங்குவதுதான் பாக்கி.

அடுத்த முறைக்குக் காத்திருந்த சீனியர் அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பெரிய புள்ளிக்கு நடுவுல மங்கலா ஒண்ணு தெரியுதே, பாத்தியா?”

“நாய்ஸா இருக்கும்க்கா.”

“நாய்ஸ் எல்லா வரிசையிலயும் சரியா நடுவுல வந்து நிக்குமா? தூரத்த அளந்து பாரு.”

அளந்தேன். மையத்துக்கு அருகே, c அச்சுக்குரிய திசையில் பெரிய புள்ளிகளுக்கு இடையே ஏறக்குறைய 6 மி.மீ. அலைநீளத்தை டிடெக்டர் தொலைவால் பெருக்கி 7.2ஆல் வகுத்தால் அதுதான் வரும். மங்கல் புள்ளிகளையும் சேர்த்தால் இடைவெளி 3 மி.மீ. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சு 14.4 ஆங்ஸ்ட்ராம். திரையில் இடைவெளி பாதியானால் படிகத்துக்குள் நீளம் இரட்டிக்கிறது.

அக்கா படிகத்தை அரை டிகிரி திருப்பி அடுத்த படம் எடுக்கச் சொன்னார். சில புள்ளிகள் மறைந்தன, சில புதிதாக ஒளிர்ந்தன. படிகத்தோடு சேர்ந்து ஒரு புள்ளிக்கூட்டமே திரும்புகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. 1/λ ஆரமுள்ள ஏவால்ட் கோளத்தின் பரப்பை எந்தப் புள்ளி தொடுகிறதோ அது மட்டும் ஒளிரும். ஒரு படம் என்பது அந்தக் கூட்டத்தில் ஒரு வளைந்த சீவல்தான். எல்லாப் படங்களின் புள்ளிகளையும் மென்பொருள் முப்பரிமாணத்தில் அடுக்கிக் காட்டியபோது, பளிச்சென்ற அடுக்குகளுக்கு நடுவே மங்கல் அடுக்குகள் ஒழுங்காக நின்றன.

ஏன் மங்கல்? பெரிய கூட்டை c அச்சின் வழியே இரண்டு பாதிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். l இரட்டைப்படையாக உள்ள புள்ளிகளில் இரு பாதிகளிலிருந்தும் வரும் அலைகள் கூடுகின்றன. ஒற்றைப்படையில் ஒன்றையொன்று கழிக்கின்றன. பாதிகள் முற்றிலும் ஒன்றுபோல் இருந்தால் கழித்தது பூஜ்யம், புள்ளியே இருக்காது. இங்கே மிச்சம் இருந்ததால் பாதிகளுக்குள் சிறு வேறுபாடு உண்டு. புள்ளி நிற்கும் இடம் கூட்டின் அளவைச் சொல்கிறது, அதன் பிரகாசம் உள்ளே இருப்பதைச் சொல்கிறது.

ஆனால் நடுவில் தெரிவதெல்லாம் உண்மைப் புள்ளியும் அல்ல. கிராஃபைட் மோனோகுரோமேட்டர் 0.71ஐத் தேர்ந்தெடுக்கும்போது அதில் பாதியான 0.355 ஆங்ஸ்ட்ராம் கதிரையும் சிறிது விட்டுவிடும். அந்தக் கதிரால் வரும் போலிப் புள்ளியும் சரியாகப் பாதி இடத்தில்தான் விழும். கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. போலி என்றால், அதன் இருமடங்கு இடத்தில் மிகப் பிரகாசமான புள்ளி ஒன்று இருக்கும். மற்ற அச்சுகளிலும் பாதிப் புள்ளிகள் தெரியும். எங்கள் படிகத்தில் c திசையில் மட்டுமே இருந்தன. இரண்டாவது, 0.355 ஆங்ஸ்ட்ராம் கதிர் பிறக்கக் குழாய்க்குக் கிட்டத்தட்ட 35 கிலோவோல்ட் வேண்டும். 50இலிருந்து 30க்கு இறக்கி, படத்துக்கான நேரத்தைக் கூட்டி எடுத்தோம். எல்லாமே மங்கினாலும், நடுப்புள்ளிகள் மட்டும் தனியாக மறையவில்லை. கூடு 14.4தான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மென்பொருள் பெரும்பாலும் பிரகாசமான புள்ளிகளை வைத்தே கூட்டைக் கணிக்கும். எனவே முழு அளவீட்டைத் தொடங்குமுன் செறிவு வரம்பைக் குறைத்து மீண்டும் புள்ளிகளைச் சேகரித்து, மூன்று அச்சுகளின் திசையிலும் பார்ப்பேன். வரிசைகளுக்கு நடுவே ஏதாவது தெரிந்தால் படத்துக்கான நேரத்தைக் கூட்டுவேன்.

இதைத் தவறவிட்டால் சின்னக் கூட்டிலும் அமைப்பு கிடைக்கும், ஆனால் இரு பாதிகளின் சராசரியாக. அணுக்களின் நீள்கோளங்கள் காரணமின்றி ஒரு பக்கமாக நீண்டிருக்கும், அல்லது ஒரே அணுவுக்கு இரண்டு இடங்கள் கேட்கும். அப்படி நேர்ந்தால், ஒழுங்கின்மை என்று எழுதிவிடாமல் மூலப் படங்களைத் திறந்து நடுவில் பாருங்கள்.