பொந்துக்குள் இருப்பது மனைவி அல்ல: வர்ணனை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆனைமலையில் நீங்கள் எடுத்த பெரிய இருவாச்சிப் படத்தை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தமே இல்லாமலும் பார்த்தேன். படம் அருமை. வர்ணனையில்தான் சிக்கல். காட்சியில் ஒரு பறவை மரப்பொந்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு அலகை நீட்டுகிறது. உன் குரலோ “தியாகக் கணவன்” என்கிறது. பார்ப்பவர் அதற்கு மேல் பறவையைப் பார்க்க மாட்டார், கணவனைத்தான் பார்ப்பார்.

இந்த மாதிரி வரிகளை வெட்டிவிட்டால் மட்டும் வர்ணனை சரியாகிவிடாது. தகவல் இல்லாத இடத்தில்தான் “தியாகம்” வந்து உட்காருகிறது. சொல்லை எடுத்தால் அங்கே ஓட்டை தெரியும், அதில் போடவேண்டிய தகவலை நீ தேடிப் பிடிக்க வேண்டும். உன் வரிகளில் சிலவற்றையே எடுத்துக்கொண்டு அதைச் செய்து காட்டுகிறேன்.

முதலில் ஒரு வேலை. ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரி. முதல் பத்தியில் ஷாட் வாரியாக, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்ததை மட்டும் எழுது: எந்தப் பறவை, எங்கே, என்ன செய்தது. இரண்டாவதில், காட்சியில் தெரியாவிட்டாலும் ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருப்பவை. மூன்றாவதில் ஊகம். பிறகு உன் வர்ணனையின் ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பார். எதிலும் நிற்காத வாக்கியம் நீ கற்பித்தது.

உன் முதல் வரி: “தன் அருமை மனைவியை எதிரிகளிடமிருந்து காப்பதற்காக, கணவன் அவளைப் பொந்துக்குள் வைத்து மண்ணால் பூசி அடைக்கிறான்.”

இதில் செய்தவரே மாறிப்போயிருக்கிறார். பெண் பறவை தானாகத்தான் உள்ளே போகிறது. வாசலை அடைக்கும் வேலையில் பெரும்பகுதியும் அதனுடையதுதான். தன் எச்சத்தையும் உணவு மிச்சங்களையும் பொந்துக்குள் கிடக்கும் தூளையும் குழைத்து, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசுகிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு நீளவாட்டுப் பிளவு மட்டும் மிஞ்சும். உங்கள் படத்திலேயே உள்ளிருந்து அலகு அசைவது தெரிகிறது. ஆண் வெளியே கிளையில் உட்கார்ந்திருக்கிறது. நீ காட்சியைப் பார்த்து எழுதவில்லை, கேள்விப்பட்ட கதையை எழுதியிருக்கிறாய்.

அடுத்தது “காப்பதற்காக”. “அதற்காக”, “வேண்டும் என்று”, “என எண்ணி” என்று எழுதும்போதெல்லாம் பறவையின் தலைக்குள் ஒரு திட்டத்தை வைத்துவிடுகிறோம். அடைப்பினால் என்ன பயன் என்பது ஒரு கேள்வி. பறவை என்ன நினைத்து அடைக்கிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்கு ஆய்வாளர்கள் விளக்கங்கள் தந்திருக்கிறார்கள்: கூட்டைக் கொள்ளையிடும் விலங்குகளுக்கு வழி அடைபடுகிறது, பொந்துக்காகப் போட்டியிடும் மற்ற இருவாச்சிகள் உள்ளே புக முடிவதில்லை. இரண்டாவதற்கு விடை கிடையாது. ஆகவே நோக்கமாகச் சொல்வதை விளைவாகச் சொல். “வாசல் இவ்வளவு குறுகிவிட்டதால் வேட்டையாடிகள் உள்ளே நுழைவது கடினம்.” பறவையின் மனதைத் தொடாமலே செய்தி முழுதாக வந்துவிட்டது.

இரண்டாவது வரி: “பசியோடு காத்திருக்கும் அவளுக்காக, தான் உண்ணாமல் பழங்களைச் சுமந்து வருகிறான்.”

கேமரா எங்கே இருந்தது? கூட்டு மரத்துக்கு எதிரே, மறைப்புக்குள். ஆண் பழமரத்தில் என்ன செய்தது என்று உங்களில் யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் “உண்ணாமல்” என்பது எங்கிருந்து வந்தது? அது தன் வயிற்றுக்கும் தின்றுவிட்டு வந்திருக்கலாம். யாரும் பார்க்காத இடத்தில் நடந்ததைப் படம் சொல்லக் கூடாது.

பார்த்த இடத்தில் நடந்ததோ அதைவிட வியப்பானது. ஆண் பழங்களை அலகில் ஏந்தி வருவதில்லை, தொண்டையில் அடக்கிக்கொண்டு வருகிறது. பொந்தருகே தலையை அசைத்து ஒரு பழத்தை மேலே கொண்டுவந்து அலகு நுனியில் பிடித்துப் பிளவுக்குள் கொடுக்கிறது. அடுத்த பழம், அதற்கடுத்தது. வெறுமையாகத் தெரிந்த அலகிலிருந்து பழம் பழமாக வந்துகொண்டே இருக்கிறது. உன் காட்சியில் இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் உன் குரல் அந்நேரம் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் பார்ப்பவர் பழங்களை எண்ணாமல் விட்டுவிடுவார்.

இங்கே இரண்டாவது பத்தியும் கைகொடுக்கும். ரகுபதி கண்ணனும் டக்ளஸ் ஜேம்ஸும் 1990களின் தொடக்கத்தில் ஆனைமலையில் இந்தப் பறவையின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து, 1997இல் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். அத்தி இனப் பழங்களே உணவில் பெரும்பங்கு என்பது அத்தகைய ஆய்வுகளால் தெரிந்தது. கூட்டு மரத்தடியில் விழுந்து கிடக்கும் விதைகளும் உணவைச் சொல்லிவிடும். பல்லி, பாம்பு, சிறு விலங்குகளையும் ஆண் கொண்டுவருவதுண்டு. அத்தகைய ஷாட் உங்களிடம் இருந்தால் மறைக்காதே. தியாகக் கணவன் கதைக்கு அது பொருந்தாது என்பதால்தான் அப்படிப்பட்ட ஷாட்கள் எடிட்டில் காணாமல் போகின்றன.

மூன்றாவது: “தன் இறகுகளையே உதிர்த்துக் குஞ்சுக்கு மெத்தை விரிக்கிறாள் தாய்.” பொந்துக்குள் இறகு உதிர்வது உண்மை. பெண் பறவை அந்த அடைபட்ட காலத்தில்தான் பறப்பதற்கான பெரிய இறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. எல்லாப் பறவைகளும் பழைய இறகை மாற்றத்தான் வேண்டும். இது பறக்கத் தேவையில்லாத மாதங்களில் மாற்றிக்கொள்கிறது. “மெத்தை” என்று சொன்னதும் இந்த அழகான பொருத்தம் முழுக்க மறைந்துவிடுகிறது.

நான்காவது, எல்லோரும் வாட்ஸப்பில் பகிரும் வரி: “கணவன் திரும்பாவிட்டால் மனைவியும் குஞ்சும் உள்ளேயே உயிர் துறப்பார்கள்.” பூசியதும் பெண், பின்னால் உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் பெண்தான். ஆகவே அது சிறைப்பட்ட பறவை அல்ல. ஆண் இறந்தால் உணவு நின்றுவிடும், இறகு வளராத கட்டத்தில் பெண்ணால் நன்றாகப் பறக்கவும் முடியாது, அந்த ஆண்டுக் கூடு தோற்றுப்போகும் ஆபத்து பெரிது. வேட்டையாடப்படும் ஒரு ஆண் பறவையோடு ஒரு கூடும் போகக்கூடும் என்று சொல்லலாம். “உயிர் துறப்பார்கள்” என்பது உறுதியான முடிவுபோல ஒலிக்கிறது. “போகக்கூடும்” என்பது தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிறது.

“ஒருவனுக்கு ஒருத்தி” என்ற வரிக்கும் இதே சோதனை. அதே பொந்தை ஆண்டுதோறும் பயன்படுத்துவது உண்டு. ஆனால் சென்ற ஆண்டு வந்த அதே ஜோடிதானா இது? காலில் வளையம் இல்லை, அலகில் அடையாளம் காட்டும் தழும்பையும் நீ குறித்து வைக்கவில்லை. “இந்தப் பொந்து மீண்டும் பயன்பாட்டில் இருக்கிறது” என்பதற்கு மேல் உன்னிடம் சான்று கிடையாது. இரண்டு கூடுகளின் ஷாட்டுகளை ஒட்டியிருந்தால் “இந்த ஜோடி” என்றும் சொல்லாதே.

இப்போது முழுப் பகுதியையும் திருத்திப் பார்ப்போம். கரட்டு வடிவில் இருந்தது:

“இருட்டறையில் ஏக்கத்தோடு காத்திருக்கிறாள் அவள். இதோ, அன்புக் கணவன் வந்துவிட்டான்! தான் உண்ணாமல் சேர்த்த கனிகளை அவளுக்கு ஊட்டி மகிழ்கிறான்.”

திருத்தியது:

“முதலில் சிறகொலி. பிறகுதான் பறவை. ஆண் இருவாச்சி பொந்தின் விளிம்பில் தொற்றுகிறது. அலகில் எதுவும் இல்லை. தலையை ஒருமுறை அசைக்கிறது. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம். பிளவின் வழியே பெண்ணின் அலகு அதை வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று. இன்னும் ஒன்று. பெண் வெளியே வரும்வரை அதன் உணவு இந்தப் பிளவு வழியேதான்.”

“ஏக்கம்” போனதால் காத்திருப்பு குறைந்துவிடவில்லை. பறவை வருமா என்ற கேள்வி பார்ப்பவரிடமே இருக்கிறது, அதை நீ பறவைக்குக் கொடுக்க வேண்டாம். “காலையிலிருந்து ஆண் வரவில்லை” என்று ஒரு வரி போட்டால் பதற்றம் தானாக வரும். ஆனால் அது உங்கள் பதிவேட்டில் இருக்கும் காலையாக இருக்க வேண்டும். சிறகொலியின்போது பேசாதே. பெரிய இருவாச்சி பறந்து வரும் ஓசை நெடுந்தூரம் கேட்கும், ஒலிப்பதிவாளர் அதை நன்றாகப் பிடித்திருக்கிறார்.

படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பிழை இருக்கிறது. “தாய் வெளியே வருகிறாள்” என்ற வரிக்குமேல் நிற்கும் பறவையின் கண் சிவப்பு. இந்த இனத்தில் ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெளிறிய வெண்மை. ஆணின் கொண்டையில் கறுப்புப் பட்டை உண்டு, பெண்ணுக்கு இல்லை. காட்சியை நிறுத்தி விழியைப் பார்த்துவிட்டு எழுது. ஷாட் மாற்ற முடியாவிட்டால் வரியை மாற்று.

அதன் பிறகு, “இனி உன் காலில் நில் என்று குஞ்சுக்குப் பாடம் கற்பிக்கிறாள்” என்கிறாய். நடப்பது என்ன தெரியுமா? பெண் வெளியே போன பிறகு குஞ்சே உள்ளிருந்து வாசலை மறுபடி பூசி அடைக்கிறது. பிறகு ஆணும் பெண்ணும் வெளியிலிருந்து உணவு தருகின்றன. யார் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எழட்டும். அதற்கு “பாடம்” என்ற பதிலை நீயே போட்டு மூடிவிடாதே.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடாதே. பறவையை உணர்ச்சியற்ற பொறியாக எழுதுவதும் கற்பனைதான். மனிதக் குரங்குகளை ஆராய்ந்த பிரான்ஸ் டி வால், மற்ற விலங்குகளிடம் நம்மை ஒத்தது எதுவும் இருக்காது என்று முன்கூட்டியே மறுப்பதும் ஒரு தவறுதான் என்று எழுதினார். அபாயத்தைக் கண்டு எழும் குரலை “எச்சரிக்கை ஒலி” என்று சொல்லலாம், அதைக் கேட்ட மற்றவை என்ன செய்கின்றன என்பதால் அது சோதிக்கப்படக்கூடிய சொல். “பதுங்கியது”, “விலகியது”, “திரும்பித் திரும்பிப் பார்த்தது” எல்லாம் உடம்பில் தெரிபவை, தாராளமாகச் சொல். தியாகம், நன்றி, கற்பு, பழிவாங்கல் ஆகியவற்றுக்கு அத்தகைய அடையாளம் எதுவும் காட்சியில் கிடையாது. ஊகம் சொல்லத்தான் வேண்டுமென்றால் அது யாருடைய ஊகம் என்று சேர்த்துச் சொல்: “ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.” இரண்டு சொல்லுக்கு எப்போதும் இடம் இருக்கும்.

தயாரிப்பாளர் “உணர்ச்சி குறைகிறது” என்று சொல்வார். அவரிடம் வாதிடாதே. பழம் கொடுக்கும் பகுதியை இரண்டு வடிவிலும் பதிவு செய்து, படத்தைப் பார்த்திராத இருவருக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டு. முடிந்ததும் “என்ன பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேள். பழைய வடிவைக் கேட்டவர் நல்ல கணவன் என்பார். புதியதைக் கேட்டவர் பழம் தொண்டையிலிருந்து வந்ததைச் சொன்னால் வரி வேலை செய்கிறது. சொல்லாவிட்டால் என் திருத்தமும் போதவில்லை, மறுபடி எழுது.

அடுத்த வரைவோடு மூன்று பத்தித் தாளையும் அனுப்பு. தாளைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்