சிங்கப்பூரில் ஊர் மளிகை வாங்கும்போது

ஆரணியிலிருந்து சிங்கப்பூர் போனவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இரண்டு இடங்கள் கைகொடுக்கும். பசுமைக்குத் தேக்கா சந்தை. ரகத்துக்கு முஸ்தஃபா சென்டர்.

1. காய்கறிக்குக் காலையிலேயே தேக்கா போங்கள். மதியத்துக்குப் பின் பல கடைகள் மூடிவிடும். கறிவேப்பிலைக் கொத்தை லேசாக உதறுங்கள். இலை கொட்டினால் பழசு.

2. அரிசிப் பையில் 'ஆரணி' என்ற பெயரோடு நிற்காதீர்கள். பேக் செய்த தேதி, புழுங்கலா பச்சையா என்பதையும் படியுங்கள். புது அரிசி குழையும், பழைய அரிசிதான் உதிரியாக வரும். பையைச் சாய்த்துப் பாருங்கள்: அடியில் மாவு இறங்கியிருந்தாலோ, அரிசி நூலாம்படையில் கோத்ததுபோல் ஒட்டியிருந்தாலோ பூச்சி விழுந்துவிட்டது. அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

3. உளுந்து வெள்ளையாக, முழுசாக இருக்கட்டும். மஞ்சளடித்த பழைய உளுந்து அரைத்தால் பொங்காது, இட்லி கல்லாகும்.

4. விலையைக் கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். அரை கிலோ 2.40 வெள்ளி என்றால் கிலோ 4.80, பக்கத்திலேயே 1 கிலோ பை 3.90க்கு இருக்கலாம். தனியாக இருப்பவர்கள் 5 கிலோ பருப்பு வாங்க வேண்டாம். அந்த ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வண்டு வைக்கும்.