சொன்னவர் காட்டாத வழி

கருணாபுரத்தில் பத்தாம் வகுப்பு முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் ஒருவரின் கைப்பேசிக்கு இப்படியொரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"வாழ்த்துகள்! இந்திய அஞ்சல் துறையின் ஜி.டி.எஸ். தேர்வில், கள்ளக்குறிச்சி அலுவலக உதவியாளர் பணிக்கு நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள். எழுத்துத் தேர்வு, நேர்காணல் இல்லை. மாதச் சம்பளம் ரூ.28,500. சான்றிதழ் சரிபார்ப்புக்கும் சீருடைக்கும் ரூ.1,850 இன்று மாலை 5 மணிக்குள் செலுத்தவும். இத்தொகை முதல் சம்பளத்துடன் திருப்பித் தரப்படும். தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்கு வழங்கப்படும். indiapost.gov.in.gds-joining.example"

இந்தச் செய்தியை நான்தான் எழுதினேன். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் இந்த வகை மோசடியில் வழக்கமாக வருவதுதான். யாரும் தவறித் தட்டிவிடக் கூடாது என்பதற்காக இணைய முகவரியின் கடைசித் துண்டை மட்டும் எங்கும் திறக்காத ஒன்றாக வைத்திருக்கிறேன். ஜி.டி.எஸ். என்ற கிராமிய அஞ்சல் ஊழியர் பணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆள் எடுக்கும் அஞ்சல் துறைப் பணி அது. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் கல்லூரிக்குப் போக முடியாத பிள்ளைகள் நம்பி விண்ணப்பிக்கக்கூடிய சில வேலைகளில் அதுவும் ஒன்று. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கருணாபுரத்தின் பல வீடுகள் சம்பாதிக்கும் ஆளை இழந்தன. அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தச் செய்தி வந்தால் அதை நம்ப வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் 'கவனமாக இருங்கள்' என்ற பொதுப் புத்திமதி இங்கே போதாது என்கிறேன். தவிப்போடு இருப்பவர் கையில் ஒரு நிமிடத்துக்குள் முடிகிற ஒரு சோதனை இருக்க வேண்டும்.

பலரும் சொல்லித்தரும் அடையாளங்களில் பாதி இந்தச் செய்தியிடம் தோற்றுப்போகும். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பார்கள். இதில் பிழை இல்லை. அரசின் உண்மையான சுற்றறிக்கைகளிலும் பிழைகள் வருவது உண்டு. முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் உண்மை என்பார்கள். ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு முத்திரையை வெட்டி ஒட்டச் சில நொடிகள் போதும். நேர்காணல் இல்லாமல் யார் வேலை தருவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஜி.டி.எஸ். பணிக்கு உண்மையிலேயே எழுத்துத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை. செய்தியில் உள்ள அந்த ஒரு உண்மையைக் கொண்டுதான் மற்ற பொய்களை நம்ப வைக்கிறார்கள். செய்திக்குள்ளேயே உட்கார்ந்து அதன் உண்மையைத் தேடினால், எழுதியவன் நாம் பார்க்க வேண்டும் என்று வைத்ததைத்தான் பார்ப்போம். ஆகவே நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று: செய்தி அனுப்பியவர் காட்டாத ஒரு வழியில் போய் இதே விஷயத்தைப் பார்க்க முடிகிறதா? உண்மையான வேலைக்கு அப்படி ஒரு வழி எப்போதும் இருக்கும். போலிக்கு இருக்காது. அதனால் அந்த வழியில் நாம் போகாமல் தடுப்பதற்கே செய்தியின் பெரும்பகுதி செலவாகியிருக்கும்.

இந்தக் கண்ணோடு நம் செய்தியை மறுபடி படியுங்கள். 'இன்று மாலை 5 மணிக்குள்' என்பது விசாரிக்கும் நேரத்தைப் பறிக்கிறது. 'அடுத்தவருக்கு வழங்கப்படும்' என்பது இன்னொருவரிடம் கேட்கும் மனத்தைப் பறிக்கிறது. அடியில் ஒரு முகவரியைக் கொடுத்திருப்பது, நீங்களாக ஒன்றைத் தேடிப் போகாமல் இருப்பதற்கு. அந்த முகவரியைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பத்து நொடியில் விஷயம் தெரிந்துவிடும். நம் கண் இடமிருந்து வலமாகப் போய், indiapost.gov.in என்பதைப் பார்த்ததும் நிம்மதியாகி நின்றுவிடுகிறது. இணைய முகவரிக்குச் சொந்தக்காரர் யார் என்பதோ வலது முனையில் இருக்கிறது. தொடக்கத்தில் https:// இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், சாய்கோடு இல்லையென்றால் முகவரியின் கடைசியில், என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது .gov.in என்று, முன்னால் உள்ள புள்ளியோடு சேர்த்து முடிந்தால் அரசின் தளம். அந்த முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள். இங்கே முடிவில் இருப்பது gds-joining.example. அதற்கு முன்னால் உள்ள indiapost.gov.in வெறும் அலங்காரம். ஒரு பெயரை விலைக்கு வாங்கியவர் அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், வாடகைக் கடை வாசலில் 'ஆட்சியர் அலுவலகம் அருகில்' என்று எழுதிவைப்பதைப் போல.

இனி சொன்னவர் காட்டாத வழி. ஜி.டி.எஸ். விண்ணப்பங்களுக்கான தளம் indiapostgdsonline.gov.in. செய்தியில் உள்ளதைத் தட்டாமல் இதை நாமாகவே தட்டச்சு செய்து போக வேண்டும். தேர்வானவர்களின் பட்டியல் அங்கே அஞ்சல் வட்டம் வாரியாக வெளியிடப்படுகிறது. தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து உங்கள் பதிவு எண்ணைத் தேடினால் போதும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையென்றால் தேடுவதற்குப் பதிவு எண்ணே இருக்காது; சோதனை அங்கேயே முடிந்தது. விண்ணப்பித்திருந்து, பட்டியலில் எண் இல்லையென்றாலும் முடிந்தது. இணையம் கிடைக்காதவருக்கும் வழி உண்டு. கருணாபுரம் இருப்பது கள்ளக்குறிச்சி நகருக்குள். அஞ்சலகத்துக்குப் போய் செய்தியைக் காட்டிக் கேட்கலாம். அங்கே இருப்பவர், ஜி.டி.எஸ். பிரிவில் 'அலுவலக உதவியாளர்' என்றொரு பணியே இல்லை, கிளை அஞ்சல் அதிகாரி, துணைக் கிளை அஞ்சல் அதிகாரி, டாக் சேவக் என்றுதான் உண்டு என்று சொல்லிவிடுவார். அந்தப் பணிகளின் அடிப்படை ஊதியம் 12,000 அல்லது 10,000 ரூபாயில் தொடங்குகிறது என்பதையும் அவரே சொல்வார்.

பணம் கேட்டாலே போலி என்ற விதி இதைவிட எளிதல்லவா என்று கேட்கலாம். எளிதுதான், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் அதை அப்படியே சொன்னால் கேட்பவர் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்: 'அரசு வேலைக்கும் கட்டணம் கட்டுகிறோமே?' உண்மை. ஜி.டி.எஸ். விண்ணப்பத்துக்கே பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களிடம் 100 ரூபாய் வாங்குகிறார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. வித்தியாசம் தொகையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் என்பது வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று யாருக்கும் தெரியாத கட்டத்தில், கட்ட வேண்டிய எல்லோருக்கும் ஒரே தொகையாக, அரசுத் தளத்துக்குள்ளேயே கட்டுவது. அது திரும்பியும் வராது. 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்று சொன்ன பிறகு, ஒரு கைப்பேசி எண்ணுக்கோ தனிநபர் கணக்குக்கோ, சீருடை, காப்புத்தொகை, பயிற்சி, மடிக்கணினி என்று ஏதோ ஒரு பெயரில் கேட்பது வேறு. தேர்வாகிவிட்டார் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் கட்டணம் எதுவாக இருந்தாலும் நின்றுவிடுங்கள். 'திருப்பித் தரப்படும்' என்ற சொல்லும் அதே இனம். திருப்பித் தரப்போகிற பணத்தை முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமே, முன்னால் எதற்கு வாங்க வேண்டும்?

1,850 ரூபாய்தானே, போனால் போகட்டும் என்பவர்களும் உண்டு. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் ஐந்து நாள் உழைப்புக்கு மேல் போகிறது. அதைவிட மோசம் அடுத்து நடப்பது. முதல் தொகையைச் சிறியதாக வைப்பதே, கட்டுகிறவர் யார் என்று கண்டுகொள்ளத்தான். கட்டியவரிடம் அடுத்த நாள் 'கோப்பு நகர்ந்துவிட்டது, இன்னும் 6,000' என்பார்கள். முதல் பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் இரண்டாவதும் போகும். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம். மறுநாள் காலை வரை தள்ளினால் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு எதிராக நான் மதிக்கும் வாதம் ஒன்று இருக்கிறது. பணமே கேட்காமல், கையில் முன்பணமும் கொடுத்து ஆளை அழைத்துப்போனால் என்ன செய்வது? மலைப்பகுதி இதை நன்றாக அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். கட்டட வேலைக்கு, பெயின்ட் அடிக்கும் வேலைக்கு என்று சொல்லித்தான் போனார்கள் என்று குடும்பத்தார் பலர் சொன்னார்கள். இப்படிச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் கல்வராயன் மலையிலும் நடமாடியவர்கள்தான். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்களே, அங்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அழைத்தவர்கள் உண்டு. அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். இப்படி ஆள் பிடிப்பவர்களிடம் 'பணம் கேட்டார்களா' என்ற சோதனை தோற்கும். 'அவர் காட்டாத வழியில் பார்க்க முடிகிறதா' என்பது தோற்காது. எந்த ஊர், எந்த மேஸ்திரி, எந்தக் கட்டடம் என்று கேட்டு, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரோடு தரகர் இல்லாமல் பேச முடிய வேண்டும். வெளிநாடு என்றால், ஆள் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றாலே அது வேலை இல்லை. இதற்கு ஒரு நிமிடம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள்கூட ஆகலாம். ஆனால் அந்த ஒரு நாளைத் தர மறுத்து 'இன்று ராத்திரியே வண்டி' என்று சொல்கிறாரா என்பதை ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ள முடியும்.

தெரிந்தவர்தான் அனுப்பினார், அண்ணன் மகன்தான் குழுவில் போட்டான் என்பது கடைசியாக வரும் மறுப்பு. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களும் நம்பித்தான் அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவரின் நல்ல மனம் செய்தியில் ஒட்டிக்கொள்வதில்லை. அவரைச் சந்தேகப்படுவதாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், அஞ்சலகத்தில் கேட்டீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். 'எனக்கும் வந்தது, அதான் அனுப்பினேன்' என்று பதில் வந்தால், அவரும் இன்னும் பணம் கட்டாமல் இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டே அஞ்சலகத்துக்குப் போகலாம். மாலை 5 மணிக்கு இன்னும் நேரம் இருக்கும்.