வெறும் சாக்கின் எடை

தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால் பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் குறுநாடக ஒத்திகை சூடுபிடிக்கும். முடிவு அமையாவிட்டால் இப்போது கைபேசியில் சாட்ஜிபிடியிடம் நாலைந்து முடிவுகளைக் கேட்டு வாங்கிவிடலாம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் போன வருடம் பரிசு வாங்கிய நாடகத்தின் சாயலைத் தேடுவதிலும், பார்க்க வரும் அம்மாமார் அழவேண்டும் என்று நினைப்பதிலும்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

ஒரு நாடகத்தை வைத்தே பார்க்கலாம். முதல் காட்சியில் ஒரு கிழவி கொழுந்துச் சாக்கை உதறிக் காயப்போடுகிறாள். மடுவத்தில் கணக்கப்பிள்ளை சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிக்கிறார். அவளுக்கு அரைப்பேர்தான் விழுகிறது. இனி என்ன?

வேலைநிறுத்தம் வெல்லும், படித்த மகள் துரையாக வருவாள் என்பவை யாரும் ஊகிக்கும் முடிவுகள். இவற்றை எழுத எந்தக் கருவியும் வேண்டாம்.

ஆபத்தானது, ‘யாரும் எதிர்பாராத திருப்பம் கொடு’ என்று கேட்பது. ஏற்கெனவே மிகுதியாக எழுதப்பட்டவற்றின் போக்கில்தான் கருவி எழுதுகிறது. எனவே திருப்பம் என்றதும் வழக்கமான திருப்பங்களே வரும்: எல்லாம் கனவு, இரட்டைப் பிறவி, ஆவி. ஊவாப் பிள்ளைகள் என்று சொன்னால் மண்சரிவும் வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மறக்காத ஊர் இது, மண்டபம் உறைந்துபோகும். அது துக்கம், வியப்பல்ல. இதே மண்சரிவைக் கல்யாண நாடகத்தின் கடைசியில் ஒட்டினாலும் ஒட்டும். அப்படி எங்கும் ஒட்டும் முடிவு இந்த நாடகத்துக்குச் சொந்தமில்லை.

‘முதல் காட்சியில் உள்ள ஆட்களையும் பொருள்களையும் மட்டும் வைத்து 8 முடிவுகள் எழுது, சாவு, கனவு, புதிய ஆள் வேண்டாம்’ என்று கேட்டால் பட்டியலின் முகமே மாறும். கேட்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். தாளில் உள்ளது பட்டியலிலும் வந்தால் அடித்துவிடலாம்.

மிஞ்சும் இரண்டு மூன்றை நடிகர்கள் தீர்மானிக்கக் கூடாது. எட்டையும் படித்தவர்களுக்கு எதுவும் புதிதாக இராது. நாடகம் தெரியாத பக்கத்து வகுப்பைக் கூட்டி, முடிவுக்கு முன் நிறுத்தி ஊகிக்கச் சொல்லி, பிறகு நடித்துக் காட்டவேண்டும். ‘அதெப்படி?’ என்று கேட்டால் தோல்வி. ‘அட, அந்தச் சாக்கு!’ என்று முதல் காட்சிக்கு ஓடினால் அதுவே முடிவு.

இங்கே தேறக்கூடியது, பட்டியலில் சப்பென்று தெரிந்த ஒன்று: கிழவி கொழுந்தைக் கொட்டிவிட்டு, காய்ந்த வெறும் சாக்கைத் தராசில் மாட்டுகிறாள். கருவி அதன்பின் அவளுக்கு நீதி பேசும் வசனம் ஒன்றையும் எழுதியிருக்கும். அதை வெட்டிவிட்டு, முள் அரைக் கிலோவைத் தொடாமல் நிற்கும் இடத்திலேயே திரையை இறக்கலாம்.