வயதுவந்தோருக்கான அசைவூட்டத் திரைப்படமும் சிறார் அசைவூட்டமும்: ஜிப்லியின் இரு படங்களை முன்வைத்து

முன்னுரை

வயதுவந்தோருக்கான அசைவூட்டப் படம் என்றவுடன் வன்முறையும் பாலுறவும் காட்டப்படும் படம் என்று கொள்வது பொதுவழக்கு. இவ்வளவுகோலின் போதாமையை ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்தின் இரு படங்கள் உணர்த்துகின்றன. ஹயாவோ மியாசாக்கியின் 'என் அண்டைவீட்டு டோட்டோரோ', இசாவோ தக்காஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை' ஆகிய இரண்டும் 1988 ஏப்ரல் 16 அன்று இணைத்தே வெளியிடப்பட்டன. இரண்டிலும் உடன்பிறந்தார் இருவர். தாயின் அருகாமையை இழந்த வாழ்வு. எனினும் முன்னது சிறாருக்கும் உரியது. பின்னது முதிர்ந்தோரை நோக்கியது. இவ்வேறுபாடு கதைப்பொருளில் இல்லை. கதை கூறும் முறையில் உள்ளது.

அறிவின் பகிர்வு

டோட்டோரோவில் மேய் காணாமற்போகிறாள். குளத்தில் ஒரு சிறுமியின் காலணி கிடைக்கிறது. அச்சம் உச்சத்தை எட்டும்போதே அது மேயுடையதன்று என்பது தெளிவாகிறது. பூனைப் பேருந்து அவளிடம் அக்காளைக் கொண்டுசேர்க்கிறது. இடர் மெய்யானதாகத் தோன்றி, பின் நீங்குகிறது.

'மின்மினிகளின் கல்லறை' இதற்கு மாறாகச் சிறுவன் சேட்டாவின் இறப்பிலேயே தொடங்குகிறது. 1945 செப்டம்பர் 21 அன்று கோபே நகரின் ரயில் நிலையத்தில் அவன் உயிர்விடுகிறான். அவனிடமிருந்த மிட்டாய்த் தகரப்பெட்டியைத் துப்புரவுப் பணியாளர் வெளியே எறிய, அதிலிருந்து எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. பின்னர் தங்கை செட்சுகோ அப்பெட்டியிலிருந்து மிட்டாய் எடுத்து மகிழும்போதெல்லாம் பார்வையாளர் அவளறியாத ஒன்றை அறிந்திருக்கிறார். 'என்ன நிகழும்' என்ற வினா மறைந்து, 'எவ்வாறு நிகழ்ந்தது' என்ற வினா எழுகிறது.

பொறுப்பின் சிக்கல்

குண்டுவீச்சில் தாய் இறந்தபின் இருவரும் உறவினப் பெண்ணின் வீட்டில் தங்குகின்றனர். அவளது கடுஞ்சொல் தாளாத சேட்டா, தங்கையுடன் கைவிடப்பட்ட பதுங்குகுழிக்குக் குடிபெயர்கிறான். மன்னிப்புக் கேட்டு அவ்வீட்டிற்கே திரும்புமாறு உழவர் ஒருவர் அறிவுறுத்தியும் அவன் இணங்குவதில்லை. தாயின் சேமிப்பில் எஞ்சியதை எடுத்து உணவு வாங்கிவரும்போது காலம் கடந்துவிடுகிறது. ஊட்டக்குறைவால் செட்சுகோ இறக்கிறாள்.

இங்குக் கொடியவர் என ஒருவரைச் சுட்டுதல் இயலாது. அன்பும் தன்மானமும் ஒருங்கே அழிவுக்குத் துணைபோகின்றன. போர் முதற்காரணம், ஆயினும் சேட்டாவின் முடிவுகளும் காரணங்களுள் அடங்கும். பதினான்கு வயதுச் சிறுவனை எந்த அளவு பொறுப்பாக்கலாம் என்ற தீர்ப்பைப் படம் வழங்காது பார்வையாளரிடம் விட்டுவிடுகிறது.

முடிவுரை

சிறார் அசைவூட்டம் துயரை விலக்குவதில்லை. துயரிலிருந்து மீளும் வழியைக் கதைக்குள்ளேயே அமைத்துத் தருகிறது. முதிர்ந்தோருக்கான படம் அவ்வழியை அடைத்து, விளைவின் சுமையைப் பார்வையாளர்மீது ஏற்றுகிறது. எனவே, வகைப்பாட்டிற்குக் காட்டப்படும் பொருளைவிட, பார்வையாளரிடம் எதிர்பார்க்கப்படும் அறப்பணியே பொருத்தமான அளவுகோலாகும். சிறுவரே கதைமாந்தராக அமையும் படமும் முதிர்ந்தோர்க்குரியதாவது இதனாலேயே.