விற்றுவரவும் இலாபமும்: ஷாப்பிங் விளம்பரம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கந்தளாய்க் குளத்துப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் விவசாயிகளுக்கு நீர்ப்பம்பும் குழாய்ச்சுருளும் இணையவழி விற்கும் கடையொன்றை உதாரணமாகக் கற்பித்துக்கொண்டு, கூகுள் ஷாப்பிங் விளம்பரம் பற்றி வியாபாரிகளிடையே வேரூன்றிய மூன்று நம்பிக்கைகளைப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை: விளம்பரச் செலவைப்போல் ஐந்து மடங்கு விற்றுவரவு கிடைத்தால் எல்லாச் சரக்கும் இலாபமே.

உண்மை: பம்பின் விலை 40,000 ரூபாய், கொள்முதல் 36,000, குழாயின் விலை 10,000 ரூபாய், கொள்முதல் 6,000 என்று கொள்வோம். இரண்டிலும் மிஞ்சுவது 4,000 ரூபாயே. ஐந்து மடங்கு என்ற ஒரே இலக்கின்படி பம்புக்கு 8,000 ரூபாய் விளம்பரத்தில் செலவானால் 4,000 ரூபாய் நஷ்டமும், குழாய்க்கு 2,000 ரூபாய் செலவானால் அவ்வளவே இலாபமும் விளைகின்றன. ஒன்றை இலாப விகிதத்தால் வகுத்தால் நஷ்டமற்ற எல்லை புலப்படும்: 10 சதவீதப் பம்புக்குப் பத்து மடங்கு, 40 சதவீதக் குழாய்க்கு இரண்டரை மடங்கு.

நம்பிக்கை: பொருட்பட்டியலில் லேபிள் இட்டுவிட்டால் ஏலத்தொகை தானே இலாபத்தைப் பின்பற்றும்.

உண்மை: `custom_label_0` முதல் `custom_label_4` வரையுள்ள ஐந்து புலங்களும் வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாத, வகைபிரிக்க மட்டுமே உதவும் குறிகள். குறைந்த இலாபம், நடுத்தர இலாபம், மிகுந்த இலாபம் என்று அவற்றிலொன்றில் எழுதியபின், ஒவ்வொரு வகைக்கும் தனி விளம்பரத் தொகுதி அமைத்து, அதற்குரிய வருவாய் இலக்கை விதித்து, ஒரு தொகுதியிலுள்ள சரக்கை ஏனைய தொகுதிகளிலிருந்து விலக்கினால்தான் அந்தக் குறி பயன் தரும். சதவீதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை வகுப்பதோ பாதகமானது. விற்பனைகள் சிதறி, தானியங்கி ஏலமுறைக்குக் கற்றுக்கொள்ளப் போதிய தரவு எஞ்சாமற் போகும்.

நம்பிக்கை: ஒருமுறை இட்ட லேபிள் என்றும் பொருந்தும்.

உண்மை: பம்பின் விலையில் 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்து 38,000 ரூபாய்க்கு விற்றால், மிஞ்சுவது 2,000 ரூபாய், இலாபம் பாதியாகிவிட்டது, நஷ்டமற்ற எல்லையோ பத்திலிருந்து பத்தொன்பது மடங்காக உயர்ந்துவிட்டது. ஆதலால் விலையும் கொள்முதலும் மாறுந்தோறும் லேபிளும் தானே மாறும்படி பட்டியலை அமைத்தல் அவசியம்.

அவ்வாறு அமைத்த பின்னும் ஓர் எல்லை உண்டு: பம்பின் விளம்பரத்தை அழுத்தி உள்ளே வந்தவர் குழாயை வாங்கிச் செல்லக்கூடும், லேபிளோ அழுத்தப்பட்ட பொருளையே குறிக்கும். பட்டியலின் `cost_of_goods_sold` புலத்தில் கொள்முதல் விலையைக் குறித்து, விற்பனைக் கூடையின் விவரத்தையும் அனுப்பிவந்தால், உண்மையில் விற்ற பொருளின் மொத்த இலாபம் அறிக்கையில் கிட்டும். அதிலிருந்து விளம்பரச் செலவைக் கழித்தபின் எஞ்சுகிற தொகை மாதந்தோறும் வளர்கிறதா என்பதைக் கொண்டே இந்தப் பிரிவினையின் வெற்றியை நிர்ணயிக்க வேண்டும்.