ஏற்றத்தை இழுப்பது ஸ்பாட்டா, ஃப்யூச்சர்ஸா?

ராத்திரி ஒன்பது மணிக்குத் தம்பி போன் பண்ணுவான். "அக்கா, பிட்காயின் நாலு பர்சென்ட் ஏறிடுச்சு, நானும் வாங்கட்டுமா?" நான் விலையைப் பற்றிப் பேசவே மாட்டேன். "ஸ்பாட்ல வாங்குறாங்களா, ஃப்யூச்சர்ஸ்ல வாங்குறாங்களான்னு பார்த்தியாடா?" என்றுதான் கேட்பேன். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்பாட்டில் வாங்குகிறவர் முழுப் பணத்தையும் கட்டிக் காயினைத் தன் பெயரில் எடுத்துக்கொள்கிறார். விலை இருபது சதவீதம் இறங்கினாலும் அவரை விற்கச் சொல்ல ஆள் கிடையாது. பெர்பெச்சுவல் ஃப்யூச்சர்ஸில் வாங்குகிறவர் பத்தாயிரம் ரூபாய் மார்ஜின் வைத்து ஒரு லட்ச ரூபாய்க்குப் பொசிஷன் எடுக்கிறார். விலை பத்து சதவீதம் இறங்குவதற்கு முன்பே எக்ஸ்சேஞ்ச் அதை விற்று முடித்துவிடும். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், அடுத்தவருடைய பொசிஷனும் போகும். இதைத்தான் லிக்விடேஷன் என்கிறோம். அதனால்தான் ஏற்றம் யார் பணத்தில் வந்தது என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பார்ப்பது எப்படி? டிரேடிங்வியூவில் இரண்டு சார்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஸ்பாட்டுக்கு `BINANCE:BTCUSDT`, பெர்பெச்சுவலுக்கு `BINANCE:BTCUSDT.P`. டைம்ஃப்ரேம் ஒரு நாள். இரண்டிலும் வால்யூம் பிட்காயின் எண்ணிக்கையில்தான் காட்டும் என்பதால் பெர்பெச்சுவல் வால்யூமை ஸ்பாட் வால்யூமால் நேராக வகுக்கலாம். நாள் மெழுகுவர்த்தி நம் நேரப்படி காலை 5:30-க்கு முடிகிறது. முடிந்த மெழுகுவர்த்தியை மட்டும் எடுங்கள், ஓடிக்கொண்டிருப்பது வேண்டாம்.

பெர்பெச்சுவல் வால்யூம் பொதுவாக ஸ்பாட்டைவிடப் பல மடங்கு இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். "ஃப்யூச்சர்ஸ் அஞ்சு மடங்கு இருக்கே, அப்ப இது ஃப்யூச்சர்ஸ் ஏற்றம்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசி இருபது நாளின் சராசரி விகிதத்தை எழுதி வைத்து, இன்றைய விகிதம் அதிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

புரிவதற்காக நானே போட்ட ஒரு கணக்கு. இருபது நாள் சராசரியில் ஸ்பாட் 20,000 காயின், பெர்பெச்சுவல் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6. ஒரு நாள் விலை நாலு சதவீதம் ஏறுகிறது. ஸ்பாட் 50,000, பெர்பெச்சுவல் 2,00,000. விகிதம் 4-க்கு இறங்கிவிட்டது, அதாவது ஸ்பாட் தன் வழக்கத்தைவிட இரண்டரை மடங்கு ஓடியிருக்கிறது. இன்னொரு நாளும் அதே நாலு சதவீதம். ஆனால் ஸ்பாட் 22,000, பெர்பெச்சுவல் 2,20,000. விகிதம் 10. ஸ்பாட்காரர்கள் ஏறக்குறைய அசையவே இல்லை. விலை சார்ட்டில் இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

விகிதம் 10 வந்ததும் அடுத்து ஓப்பன் இன்ட்ரஸ்டைப் பாருங்கள். தீராமல் நிற்கும் பொசிஷன்களின் மொத்தம் அது. விலையோடு அதுவும் ஏறினால் புதிதாகக் கடன் பொசிஷன்கள் குவிகின்றன என்று பொருள். விலை ஏறும்போது அது இறங்கினால் கதை வேறு: ஏற்கெனவே விற்று வைத்திருந்த ஷார்ட்காரர்கள் அடித்துப் பிடித்துத் திரும்ப வாங்குகிறார்கள். அவர்கள் வாங்கி முடித்ததும் மேலே இழுக்க ஆள் இருக்காது. அந்த மாதிரி ஏற்றத்தின் உச்சியில் போய் வாங்கினால் நீங்கள்தான் கடைசி ஆள்.

இப்போது, அனுபவசாலிகளையும் ஏமாற்றுகிற ஒரு இடம். ஃப்யூச்சர்ஸ் விலை ஸ்பாட்டைவிட மேலே போனால், ஆர்பிட்ராஜ்காரர்கள் ஸ்பாட்டில் வாங்கி ஃப்யூச்சர்ஸில் விற்பார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குக் கவலையில்லை, நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் லாபம். இவர்களால் ஸ்பாட் வால்யூமும் கூடும், விகிதமும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் இழுத்தது ஃப்யூச்சர்ஸ்தான். இதைப் பிடிக்க, அதே நிமிடத்தில் இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள். ஏறும் நேரமெல்லாம் பெர்பெச்சுவல் மேலேயே நின்று ஃபண்டிங் ரேட்டும் ஏறினால் அது ஃப்யூச்சர்ஸ் ஏற்றம். பெர்பெச்சுவல் ஸ்பாட்டுக்குச் சமமாகவோ கீழேயோ நின்று, ஃபண்டிங்கும் அமைதியாக இருந்து, விலை ஏறினால் நம்பலாம், ஸ்பாட்தான் இழுக்கிறது.

ஃபண்டிங் என்பது லாங்காரர்களும் ஷார்ட்காரர்களும் ஒருவருக்கொருவர் கட்டும் தொகை. பைனான்ஸில் பிட்காயினுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நம் நேரப்படி காலை 5:30, மதியம் 1:30, இரவு 9:30. அமைதியான சந்தையில் 0.01 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அது 0.1 ஆனால் ஒரு லட்ச ரூபாய் பொசிஷனுக்கு லாங்காரர் நாளுக்கு 300 ரூபாய் கட்டுகிறார். அவர் போட்டது பத்தாயிரம்தான் என்றால் நாளுக்கு மூன்று சதவீதம் கரைகிறது. இப்படி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

2021 ஏப்ரல் இதற்கு நல்ல பாடம். ஏப்ரல் 14 அன்று காயின்பேஸ் நாஸ்டாக்கில் பட்டியலானது. பிட்காயின் 64,000 டாலரைத் தாண்டியது. ஓப்பன் இன்ட்ரஸ்ட் அதுவரை இல்லாத உயரத்தில், ஃபண்டிங் வழக்கத்தைவிடப் பல மடங்கில் இருந்தது. நாலு நாள் கழித்து, 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விலை 60,000-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 52,000 டாலர் அருகே விழுந்தது. ஒரே நாளில் லிக்விடேஷன் ஆனது கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர். முதலில் வந்த சரிவு சின்னதாக இருந்தாலும், அதற்குக் கீழே வரிசையாகக் கடன் பொசிஷன்கள் காத்திருந்தன.

இந்த விகிதம் பொய் சொல்லும் நேரங்களும் உண்டு. சனி, ஞாயிறில் வால்யூம் மெலிந்துவிடும், விகிதமும் மாறலாம். ஞாயிறை ஞாயிறோடுதான் ஒப்பிட வேண்டும். 2022 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை பைனான்ஸ் பிட்காயின் ஸ்பாட் வர்த்தகத்துக்குக் கட்டணமே வாங்கவில்லை. அப்போது ஸ்பாட் வால்யூம் ஊதிப் பெருத்தது, உண்மையான வாங்குதல் அந்த அளவுக்கு இல்லை. பழைய சராசரியை எடுக்கும்போது அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். 2024 ஜனவரி 11 முதல் அமெரிக்காவில் ஸ்பாட் ஈடிஎஃப் ஓடுகிறது. அங்கே நடக்கும் வர்த்தகம் நம் பைனான்ஸ் சார்ட்டில் வராது. அதனால் விகிதம் கூடித் தெரிகிற நாளில், ஈடிஎஃப்களுக்குள் எவ்வளவு பணம் வந்தது என்பதையும் மறுநாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃப்யூச்சர்ஸ் இழுக்கும் ஏற்றம் உடனே விழும் என்று நான் சொல்லவில்லை. சில சமயம் வாரக்கணக்கில் ஓடும், பின்னாலேயே ஸ்பாட்காரர்களும் வந்து சேர்வார்கள். அதற்காகத்தான் தம்பியைக் காத்திருக்கச் சொல்வேன். ஃபண்டிங் 0.01-க்குத் திரும்பியும் விலை பிடித்து நின்றால் அப்போது வாங்கட்டும், அதுவும் ஸ்பாட்டில், சொந்தப் பணத்தில். நம் நாட்டில் கிரிப்டோ காயின் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அவசரப்பட்டு வாங்கி விற்றால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

நாளைக் காலை 5:30-க்கு மேல் ஒரு நோட்டை எடுத்து, கடைசி இருபது நாளின் இரண்டு வால்யூமையும் கைப்பட எழுதி, வகுத்துப் பாருங்கள். அந்தச் சராசரி கையில் இல்லாமல் அடுத்த ஏற்றத்தில் இறங்காதீர்கள்.